தூள் கடைக்குக் குறுவீடியோ: எழுத்தும் நிறமும் லோகோவும் ஒவ்வொரு முறையும் மாறாமல் வைப்பது எப்படி

முள்ளியவளையில் ஒரு அக்கா வீட்டோடு தூள் வியாபாரம் செய்கிறார். மிளகாய்த்தூள், சரக்குத்தூள், குரக்கன்மா, ஒடியல்மா. 100 கிராமிலும் 250 கிராமிலும் பைக்கற் போட்டு உள்ளூரில் விற்பதோடு, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பஸ்ஸில் ஏற்றியும் விடுகிறார். கிழமைக்கு மூன்று நான்கு குறுவீடியோ டிக்டொக்கிலும் பேஸ்புக்கிலும் போகிறது. ஒரு நாள் அவருடைய மகள் எடிட் பண்ணுவாள், இன்னொரு நாள் தம்பியின் மகன். இரண்டு பேருக்கும் கை நல்லாக ஓடும். ஆனால் பக்கத்தைத் திறந்து மொத்தமாகப் பார்த்தால் நாலு கடையின் வீடியோக்களைக் கலந்து போட்ட மாதிரி இருந்தது. ஒன்றில் லோகோ இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம், மூன்றாவதில் லோகோவே இல்லை. எழுத்து ஒருநாள் வெள்ளை, ஒருநாள் மஞ்சள், ஒருநாள் பச்சை நிழலோடு சிவப்பு.

இந்தக் கட்டுரையில் அந்தப் பக்கத்தை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். கணினி தேவையில்லை, அன்ட்ரொய்ட் போன் ஒன்று போதும். வீடியோ வெட்ட கேப்கட், எழுத்தும் படமும் செய்ய பிக்சல்லாப் என்று வைத்துக்கொள்கிறேன். வேறு செயலி பாவிப்பவர்களுக்கும் வழி இதுதான், பொத்தான்களின் இடம்தான் மாறும்.

முதலில் ஒரு விசயம். வீடியோ மாறி மாறி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ரசனை இல்லாமை அல்ல. ஒவ்வொரு முறையும் லோகோவை விரலால் இழுத்து, கண்ணளவில் வைக்கிறோம். நிறத்தைத் தட்டில் இருந்து ஏறக்குறைய எடுக்கிறோம். எழுத்தை இரண்டு விரலால் விரித்துப் பெருப்பிக்கிறோம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இப்படிச் செய்தால் ஒன்று போல் ஒன்று வராது. அதனால் இடத்தையும் நிறத்தையும் அளவையும் ஒரே ஒரு தடவை தீர்மானித்து, அதைக் கோப்பாகச் சேமித்து, பிறகு அந்தக் கோப்பை மட்டும் பாவிப்பதுதான் வேலை.

எழுத்துரு: நீங்கள் தெரிவு செய்தது உண்மையில் வருகிறதா?

இதில்தான் தமிழில் வீடியோ செய்பவர்களுக்கு அதிகம் சிக்கல், ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கேப்கட்டில் நூற்றுக்கணக்கான எழுத்துரு இருக்கிறது. அதில் ஒன்றை அமத்துகிறீர்கள், எழுத்து மாறியது போலவும் இருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. எழுத்துருவில் 'க' இல்லாவிட்டால் போன் தன்னிடம் உள்ள தமிழ் எழுத்தை எடுத்து அந்த இடத்தில் போட்டுவிடும். மகளின் போனில் ஒரு மாதிரியும், தம்பி மகனின் போனில் வேறு மாதிரியும் தமிழ் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். இரண்டு பேரும் ஒரே பெயருள்ள எழுத்துருவைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். தமிழுக்கு அது வேலை செய்யவில்லை, அவரவர் போனின் எழுத்துதான் வந்தது.

கண்டுபிடிப்பது சுலபம். "மிளகாய்த்தூள்" என்று எழுதி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு எழுத்துருக்களை மாறி மாறி அமத்திப் பாருங்கள். கையெழுத்து மாதிரி ஒன்று, தடித்த விளம்பர எழுத்து மாதிரி ஒன்று. தமிழ் இரண்டிலும் ஒரே வடிவாக நின்றால் அவை தமிழுக்கு உதவாது. பக்கத்தில் "250g" என்று எழுதிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: இலக்கம் மாறும், தமிழ் அசையாது.

ஆகவே தமிழ் உள்ள எழுத்துருவை நீங்களே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கூகுள் ஃபொன்ட்ஸ் தளத்தில் இலவசமாகவும் வியாபாரத்துக்குப் பாவிக்கும் உரிமையோடும் பல இருக்கின்றன. தேடும் பெட்டியில் இவற்றை அடித்துப் பாருங்கள்: Mukta Malar, Catamaran, Hind Madurai, Baloo Thambi 2, Noto Sans Tamil. என் தெரிவு Mukta Malar. மெல்லியதில் இருந்து மிகத் தடித்தது வரை ஏழு தடிமன் உண்டு. இலக்கங்களும் ஆங்கில எழுத்தும் அதே எழுத்துருவிலேயே இருப்பதால் விலையும் போன் நம்பரும் அந்நியமாகத் தெரியாது. Baloo Thambi 2 உருண்டையாக, குழந்தைப் பொருட்களுக்குப் பொருத்தமாக இருக்கும். தூள் கடைக்கு எனக்கு அது கொஞ்சம் விளையாட்டுத்தனமாகப் படுகிறது. இலங்கையிலேயே செய்யப்பட்ட Post No Bills Jaffna என்ற எழுத்துருவும் இருக்கிறது. பெட்டியில் அச்சு வெட்டி அடித்த எழுத்து மாதிரி வரும். பெரிய தலைப்புக்கு அழகு, சின்ன எழுத்துக்கு வாசிக்கக் கஷ்டம்.

ஒரு எழுத்துருவே போதும். அதில் இரண்டு தடிமன்: தலைப்புக்கு Bold, கீழே வரும் விபரத்துக்கு SemiBold. Light பக்கம் போகாதீர்கள். வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும்போது வீடியோ நசுங்கும், மெல்லிய கோடுகள் முதலில் உடையும். சிங்கள வாடிக்கையாளருக்கும் ஒரு வரி போடுவதானால் Mukta Malar-இல் சிங்களம் இல்லை என்பதை ஞாபகம் வையுங்கள். Noto Sans Sinhala-வின் Bold-ஐ அதற்கென்று நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம்.

இறக்கிய கோப்பு சுருக்கிய பொதியாக வரும். அதை விரித்து, ttf என்று முடியும் கோப்புகளில் இந்த இரண்டை மட்டும் எடுங்கள். பிக்சல்லாப்பில் சொந்த எழுத்துருவைச் சேர்க்க இடம் உண்டு. உங்கள் கேப்கட்டில் எழுத்துரு சேர்க்கும் பொத்தான் இருந்தால் அங்கேயும் சேருங்கள். இல்லாவிட்டால் பரவாயில்லை, தலைப்புகளைப் பிக்சல்லாப்பில் படமாகச் செய்து கொண்டுவரலாம்.

சேர்த்தவுடன் இந்த வரியை ஒட்டிப் பாருங்கள்:

```
கொ கோ கௌ நெ தை ணு டூ ஸ்ரீ க்ஷ 0123456789
```

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா, புள்ளி வட்டம் ஒன்று முளைத்திருக்கிறதா, 'ணு' இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாவது இருந்தால் அந்தச் செயலி அந்த எழுத்துருவைச் சரியாகக் கோர்க்கவில்லை. அந்தச் செயலியில் எழுத்தைத் தட்டாமல், படமாகக் கொண்டுவருவதே பாதுகாப்பு. எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் அசைவையும் தமிழுக்குப் போடாதீர்கள். 'கொ' போன்ற எழுத்து ஒரு கணம் உடைந்து நிற்கலாம். முழு வரியும் சேர்ந்து வரும் அசைவு ஒன்றைத் தெரிவு செய்து எல்லா வீடியோவுக்கும் அதையே வையுங்கள்.

இன்னொரு இடறல், அச்சகத்தில் இருந்து வருவது. பைக்கற்றில் ஒட்டும் லேபலை வடிவமைத்தவர் பாமினியில் தட்டியிருக்கலாம். பாமினி யூனிக்கோட் அல்ல. ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போட்டு வைத்த பழைய எழுத்துரு. அவர் அனுப்பிய வசனத்தைப் போனில் ஒட்டினால் "அம்மா" இப்படித்தான் தெரியும்:

```
mk;kh
```

இது பழுதான கோப்பு இல்லை. இணையத்தில் பாமினியை யூனிக்கோடாக மாற்றும் பக்கங்கள் பல இருக்கின்றன, மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சின்ன வசனமானால் திரும்பத் தட்டுவதே சுகம்.

நிறம்: விற்கும் பொருளின் நிறத்தில் எழுதாதீர்கள்

தூள் கடை என்றதும் சிவப்பும் மஞ்சளும் என்றுதான் யாரும் நினைப்போம். அக்காவின் லேபலும் சிவப்புத்தான். ஆனால் வீடியோவில் என்ன காட்டுகிறீர்கள்? சட்டி நிறைய செத்தல் மிளகாய், சுளகில் கொட்டிய தூள், மஞ்சள். அதற்கு மேல் சிவப்பில் எழுதினால் எழுத்து தூளுக்குள் புதைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் பச்சை நிழல், வெள்ளை விளிம்பு என்று ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொன்றைப் போட்டிருந்தார்கள். நிறம் மாறிக்கொண்டே இருந்ததன் காரணம் அதுதான்.

அதனால் எழுத்துக்குக் கீழே எப்போதும் ஒரு பட்டி வைப்பது என்று முடிவு செய்தோம். பட்டி கருங்கபிலம், வறுத்த கொத்தமல்லியைவிடவும் கருமை. எழுத்து பால்வெள்ளை. விலை மட்டும் மஞ்சள். சிவப்பு லோகோவுக்குள் மட்டும். பின்னால் என்ன ஓடினாலும் பட்டியின் மேல் எழுத்து ஒரே மாதிரித்தான் தெரியும்.

நிறத்தைப் பெயரால் ஞாபகம் வைக்காதீர்கள். "கடும் மஞ்சள்" என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஆறு இலக்க எழுத்துக் குறி ஒன்று உண்டு. அக்காவின் கடைக்கு எழுதி வைத்த சீட்டு இது:

```
பட்டி            #3B1F14
எழுத்து          #FFF6E5
விலை             #F2B632
லோகோச் சிவப்பு   #B3261E
எழுத்துரு        Mukta Malar Bold / SemiBold
விலை எழுதுவது    250 கிராம் - ரூபா 450
```

கடைசி வரி நிறம் இல்லைதான். ஆனால் ஒரு வீடியோவில் "450/=", இன்னொன்றில் "Rs.450", மற்றதில் "450 ரூபா" என்று வந்தால் அதுவும் கண்ணில் குத்தும். அதையும் ஒரே தரம் முடிவு செய்துவிடுங்கள்.

இரண்டு நிறம் சேர்ந்து வாசிக்கக்கூடியதா என்பதை அளக்க ஒரு கணக்கு உண்டு. இணைய அணுகல் நியமங்களில் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்று குறைந்தபட்ச வேறுபாடு சொல்லியிருக்கிறார்கள். "contrast checker" என்று தேடி, வரும் பக்கத்தில் இரண்டு குறிகளைப் போட்டால் கணக்கு வந்துவிடும். மேலே உள்ள பால்வெள்ளை கருங்கபிலப் பட்டியின் மேல் 14 அளவு வருகிறது. மஞ்சள் அதே பட்டியில் 8. அதே மஞ்சளை லோகோச் சிவப்பின் மேல் வைத்தால் 3.6தான், பெரிய எழுத்துக்கு மட்டும் தாக்குப்பிடிக்கும். சிவப்பைக் கருங்கபிலத்தின் மேல் எழுதினால் 2.3, வெயிலில் நின்று போன் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

குறியைத் தட்ட இடமில்லாத செயலியும் உண்டு. அதற்கு ஒரு சின்ன வழி. பிக்சல்லாப்பில் நாலு சதுரம் செய்து, நாலு குறியையும் நிரப்பி, ஒரு படமாக வையுங்கள். எடிட் பண்ணும்போது அந்தப் படத்தை வீடியோவுக்கு மேல் கொண்டுவந்து, நிறம் உறிஞ்சும் கருவியால் சதுரத்தைத் தொட்டு எடுத்துவிட்டு, படத்தை அழித்துவிடுங்கள். லேபலைப் போனில் படம் எடுத்து அதிலிருந்து நிறத்தை உறிஞ்சாதீர்கள். காலை வெயிலில் ஒரு சிவப்பும், இரவு பல்ப் வெளிச்சத்தில் ஒரு சிவப்பும் வரும்.

திரையையும் நம்பாதீர்கள். ஒரு போனில் நிறம் தூக்கலாகக் காட்டும் அமைப்பு இருக்கும், இன்னொன்றில் இரவில் கண்ணுக்கு இதமாக மஞ்சளிக்கும் அமைப்பு போட்டிருக்கும். "அண்ணா, என்ர போனில வேற மாதிரித் தெரியுது" என்று தம்பி மகன் சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். குறி ஒன்றாக இருந்தால் நிறமும் ஒன்றுதான்.

போன் கமெராவில் எச்டிஆர் வீடியோ என்று ஒரு தெரிவு இருந்தால் அணைத்துவிடுங்கள். அதில் எடுத்ததை வெட்டி ஏற்றும்போது சில சமயம் நிறம் வெளிறியோ பளீரென்றோ போய்விடும், பக்கத்தில் உள்ள மற்ற வீடியோக்களோடு ஒட்டாது. ஃபில்டர் போடுவதானால் படம் பிடித்த துண்டுக்கு மட்டும் போடுங்கள். முழுத் திரைக்கும் போட்டால் பட்டியும் லோகோவும் சேர்ந்து நிறம் மாறும்.

லோகோ: இழுத்து வைக்காதீர்கள், சட்டமாகச் செய்யுங்கள்

லோகோவைத் தனிப் படமாகக் கொண்டுவந்து மூலையில் வைப்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, வீடியோ அளவிலேயே, 1080க்கு 1920, ஒரு வெறும் கண்ணாடி மாதிரிப் படம் செய்யுங்கள். முழுவதும் ஒளிபுகும், லோகோ மட்டும் அதனதன் இடத்தில் இருக்கும். இதைச் சட்டம் என்று சொல்கிறேன். ஒவ்வொரு வீடியோவின் மேலும் சட்டத்தை முழுத்திரைக்குப் போட்டால் லோகோ தன் இடத்தில்தான் இருக்கும். மாறுவதற்கு வழியே இல்லை.

முதலில் நல்ல லோகோக் கோப்பு வேண்டும். பின்புலம் இல்லாத png கோப்பை அச்சகத்தில் கேளுங்கள். அவர் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பின்புலம் நிரம்பி, விளிம்பும் மங்கி வரும், ஏனென்றால் வட்ஸ்அப் அதை நசுக்கி வேறு வகைப் படமாக மாற்றிவிடும். "ஆவணமாக அனுப்புங்கோ" என்று சொல்லுங்கள். டொக்கியூமெண்ட் என்று அனுப்பினால் கோப்பு அப்படியே வரும்.

அக்காவின் லோகோவில் உரலும் உலக்கையும், கீழே கடைப் பெயர், அதற்கும் கீழே "தரம் சுவை" என்று ஒரு வரி. பைக்கற்றில் அது நல்லாகத்தான் இருக்கிறது. வீடியோவின் மூலையில் சின்னதாக வைத்தால் எழுத்துகள் எறும்பாகிவிடும். அதனால் மூலைக்கு உரலும் உலக்கையும் மட்டும், முழு லோகோ கடைசி அட்டைக்கு மட்டும். அந்த உரலைப் பால்வெள்ளை வட்டத்துக்குள் வைத்தோம். பின்னால் கருகிய சட்டியோ வெயில் முற்றமோ எது வந்தாலும் வட்டத்துக்குள் தெரியும்.

எந்த மூலை? டிக்டொக்கில் வலப்பக்கம் கீழ்ப்பாதியில் இதயமும் பகிரும் பொத்தானும் நிற்கின்றன. கீழே பெயரும் விளக்கமும். மேலே தேடும் பட்டை. ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மெட்டா நிறுவனம் சொல்லும் அளவு, மேலே 14 வீதம், கீழே 35 வீதம், இரு பக்கமும் 6 வீதம் வெறுமையாக விடுங்கள் என்பது. 1080க்கு 1920 இல் கணக்குப் பார்த்தால் மேலே சுமார் 270, கீழே சுமார் 670, பக்கங்களில் 65 புள்ளி. இதைக் கடைப்பிடித்தால் மற்றத் தளங்களிலும் பெரிதாக மறைபடாது. ஆகவே இடது மேல் பக்கம்தான் லோகோவுக்கு மிச்சம். ஆனால் மூலையில் ஒட்டி அல்ல. வட்டம் 170 புள்ளி அகலம், இடது ஓரத்தில் இருந்து 70, மேலிருந்து 290. எழுத்துப் பட்டி அதே 70 இல் தொடங்கி 860 அகலம், 930 இல் இருந்து 1230 வரை. இரண்டு வரிக்கு அது தாராளம். லோகோவுக்கும் பட்டிக்கும் இடையில் 460 இல் இருந்து 930 வரை உள்ள வெளிதான் சட்டி, சுளகு, கை எல்லாம் தெரிய வேண்டிய இடம். படம் பிடிக்கும்போதே அதை மனதில் வைத்துப் பிடித்தால் பிறகு தலைவலி இல்லை.

இனிச் செய்முறை.

1. பிக்சல்லாப்பில் பட அளவை 1080க்கு 1920 என்று போடுங்கள். டிக்டொக்கில் ஏதாவது ஒரு வீடியோ ஓடும்போது ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அதைப் பின்புலமாகக் கொண்டுவாருங்கள். பொத்தான்கள் எங்கே விழுகின்றன என்று அதில் நேராகவே தெரியும். போன் திரை நீளமென்றால் ஸ்கிரீன்ஷொட்டும் நீளமாக இருக்கும், வீடியோ தெரியும் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள்.

2. லோகோவை அதன் மேல் வைத்து, இடம் சரி என்று திருப்திப்படும் வரை நகர்த்துங்கள். இங்கே விரலால் இழுப்பதில் பிழையில்லை, இழுக்கப்போவது இந்த ஒரே தடவைதான்.

3. பின்புலத்தை நீக்கி, ஒளிபுகும் பின்புலமாக மாற்றி, png ஆகச் சேமியுங்கள். பெயர் `sattam_1.png`. கன்வாவில் செய்ய விரும்புபவர்கள் கவனியுங்கள், அங்கே ஒளிபுகும் பின்புலத்தோடு இறக்குவது காசு கட்டும் கணக்குக்கு மட்டும்தான்.

4. அதே வழியில் வெறும் பட்டி ஒன்று, `patti_1.png`. பிறகு முழு லோகோ, போன் நம்பர், "வவுனியா, கிளிநொச்சிக்கு பஸ்ஸில் அனுப்புவோம்" என்ற வரி உள்ள கடைசி அட்டை, `kadaisi_1.png`. இந்த அட்டைக்கு ஒளிபுகத் தேவையில்லை, கருங்கபிலம் நிரப்புங்கள்.

தாய் வீடியோ

இப்போது கேப்கட்டில் ஒரு வீடியோவை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். இதுதான் இனிவரும் எல்லாவற்றுக்கும் தாய். 9க்கு 16 என்று அளவைத் தெரிவு செய்து, படம் பிடித்த துண்டுகளை வரிசையாக வையுங்கள்: வறுப்பது, இடிப்பது, அரிப்பது, பைக்கற். மேலடுக்காகச் சட்டத்தைச் சேருங்கள். கேப்கட் அதைச் சிறிதாக்கித்தான் முதலில் வைக்கும், விளிம்பு நாலும் திரையின் விளிம்போடு ஒட்டும் வரை விரியுங்கள். பிறகு பட்டி, அதன் மேல் எழுத்து. கடைசியில் அட்டை, இரண்டரை அல்லது மூன்று செக்கன். கேப்கட் தானாகச் சேர்க்கும் முடிவுத் துண்டு இருந்தால் அழியுங்கள், இல்லாவிட்டால் அக்காவின் கடைசி அட்டைக்குப் பின்னால் அவர்களுடைய அட்டை ஓடும்.

சரி, அடுத்த வீடியோவுக்குப் புதிதாகத் தொடங்காதீர்கள். தாய் வீடியோவின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அமத்தி நகல் எடுங்கள். நகலுக்குள் போய், ஒவ்வொரு துண்டையும் தொட்டு, மாற்று என்ற பொத்தானால் புதிய துண்டைக் கொண்டுவாருங்கள். எழுத்தைத் தொட்டுச் சொற்களை மட்டும் மாற்றுங்கள். எழுத்துப் பெட்டியை இரண்டு விரலால் தொடாதீர்கள். விரித்தால் எழுத்தின் அளவு எண் மாறாது, பெட்டி மட்டும் பெருக்கும். எண்ணைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைப்பீர்கள், பக்கத்தில் பார்த்தால் ஒரு வீடியோவில் மட்டும் எழுத்து ஊதியிருக்கும்.

வசனம் பட்டிக்குள் அடங்காவிட்டால்? இந்த இடத்தில்தான் எல்லோரும் எழுத்தைச் சிறிதாக்குவார்கள். வேண்டாம், சொல்லைக் குறையுங்கள். குரக்கன்மா வீடியோவுக்கு முதலில் எழுதியது "முள்ளியவளையில் வீட்டிலேயே சுத்தமாகத் தயாரிக்கப்பட்ட குரக்கன்மா இப்போது விற்பனைக்கு உண்டு". இது நாலு வரி. "வீட்டுக் குரக்கன்மா / கழுவி, காயவைத்து, திரித்தது" என்று இரண்டு வரியாக்கினோம், முதல் வரி Bold, இரண்டாவது SemiBold. இன்னும் சொல்ல இருந்தால் அடுத்த துண்டில் அடுத்த பட்டியாக வரட்டும். தமிழுக்கு மேலே விசிறியும் கீழே வளைவும் இருப்பதால் வரி இடைவெளியை இறுக்கவும் கூடாது. 'ஞ்சூ', 'ணி' ஒன்றோடொன்று முட்டும். எழுத்து உயரத்தின் ஒன்றேகால் மடங்குக்கு மேல் விடுங்கள்.

நகலில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு. வறுக்கும் துண்டை நீட்டினால் வீடியோ நீளும், சட்டம் பழைய நீளத்திலேயே நிற்கும். பதினெட்டாவது செக்கனில் லோகோ திடீரென்று மறையும். வெளியே எடுப்பதற்கு முன் காலக்கோட்டின் கடைசிக்குப் போய், சட்டத்தின் வால் கடைசி அட்டையின் தொடக்கத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

எடுத்த வீடியோவை ஒவ்வொரு தளத்துக்கும் கேப்கட் சேமித்த கோப்பில் இருந்தே ஏற்றுங்கள். டிக்டொக்கில் போட்டதை இறக்கி பேஸ்புக்கில் போட்டால் டிக்டொக்கின் அடையாளமும் கணக்குப் பெயரும் வீடியோவில் இடம் மாறி மாறி ஓடும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த லோகோவுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்து நிற்கும்.

இரண்டு போன், இரண்டு பேர்

கேப்கட்டின் வேலைக் கோப்புகள் சாதாரணமாக அந்தந்தப் போனுக்குள்ளேதான் இருக்கும். செயலியை அழித்தால் தாய் வீடியோவும் போய்விடும். ஆகவே உண்மையான சொத்து தாய் வீடியோ அல்ல, மூன்று png, இரண்டு ttf, நிறச் சீட்டு, நாலு சதுரப் படம் ஆகியவைதான். அவற்றைக் கூகுள் டிரைவில் ஒரு கோப்புறையில் போட்டு இரண்டு பேருக்கும் பகிருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக மட்டும். அவற்றை வைத்து இரண்டாவது போனில் இன்னொரு தாயைக் கட்டிக்கொள்ளலாம்.

கட்டியதும் இரண்டு போனிலும் ஒரே துண்டு, ஒரே வசனம் வைத்து வீடியோ எடுத்து, இரண்டையும் ஒரே போனில் திறந்து, ஒரே இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷொட் எடுத்து மாறி மாறித் தட்டிப் பாருங்கள். லோகோ துள்ளினால் ஒரு போனில் சட்டம் முழுத்திரைக்கு விரியவில்லை. எழுத்து வடிவம் மாறினால் எழுத்துரு ஏறவில்லை. பட்டியின் நிறம் மாறினால் ஃபில்டர் மேலே இருக்கிறது.

பெயரில் உள்ள `_1` சும்மா போட்டதல்ல. போன் நம்பர் மாறினால் பழைய அட்டையைத் திருத்திச் சேமிக்காமல் `kadaisi_2.png` என்று புதிதாக வையுங்கள், பழையதை அந்தக் கோப்புறையிலிருந்து அகற்றுங்கள். ஒரே பெயரில் இரண்டு அட்டை இரண்டு போனில் இருந்தால், பழைய நம்பரோடு ஒரு வீடியோ போய்விடும். அது நிறம் மாறுவதைவிடப் பெரிய நட்டம்.

வற்றாப்பளை அம்மன் பொங்கல் காலத்தில் சிறப்பு வீடியோ வேண்டும் என்று அக்கா கேட்டார். அப்போதும் எழுத்துரு, இடம், லோகோ மாறவில்லை. பட்டியின் நிறத்தை மட்டும் லோகோச் சிவப்பாக்கி `patti_pongal.png` என்று வைத்தோம். சிவப்பின் மேல் மஞ்சள் பெரிய எழுத்துக்கு மட்டும்தான் தாக்குப்பிடிக்கும் என்று மேலே கணக்குப் பார்த்தோமே, அதனால் அந்த வீடியோக்களில் விலையும் பால்வெள்ளைதான். பால்வெள்ளை அந்தச் சிவப்பின் மேல் 6 அளவு வரும்.

ஏற்கெனவே போட்டவை

பழைய வீடியோக்களைத் திருப்பிச் செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். பார்வைகளும் கருத்துகளும் சேர்ந்த வீடியோவை அழித்துத் திரும்பப் போட்டால் அவை போய்விடும், அந்த வேலைக்குப் போகாதீர்கள். டிக்டொக்கில் மூன்று வீடியோவைப் பக்கத்தின் மேலே குத்தி வைக்கலாம். புதிய தாயில் செய்த மூன்றை அங்கே வையுங்கள்: மிளகாய்த்தூள் ஒன்று, குரக்கன்மா ஒன்று, எப்படி வாங்குவது என்று சொல்லும் ஒன்று. முகப்புப் படத்தைத் தெரிவு செய்யும்போது பட்டியும் எழுத்தும் முழுவதும் தெரியும் கணத்தையே ஒவ்வொன்றுக்கும் எடுங்கள். பக்கத்தின் கட்டத்தில் வீடியோவின் மேலும் கீழும் வெட்டுப்படும். பட்டி 930க்கும் 1230க்கும் இடையில் நடுவில் இருப்பதால் அது தப்பிவிடும். பழையவை தானாகக் கீழே போகட்டும். விலை மாறிப்போன பழைய வீடியோக்களை மட்டும் தேடி மறைத்துவிடுங்கள், அவற்றைப் பார்த்துவிட்டுப் பழைய விலைக்குக் கேட்டு அழைப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.